நோயை மறைத்ததாகச் சொல்லி மறுத்த கிளெய்முக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

பெங்களூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 2018 மார்ச்சில் 3 லட்சத்துக்கு பாலிசி எடுத்து விடாமல் புதுப்பித்தேன். 2023 மார்ச்சில் 10 லட்சமாக உயர்த்தினேன். 2025 ஆகஸ்டில் இதய சிகிச்சைக்கு 4.2 லட்சம் ஆனது. பாலிசிக்கு முன்பே இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்தோம் என்று மறுத்துவிட்டார்கள். கடிதத்தில் என்ன எழுதலாம்?

ரத்த அழுத்தம் எப்போது வந்தது என்று வாதாடுவதற்கு முன், பாலிசியில் 'மோரடோரியம்' என்ற பிரிவைத் தேடுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, தகவல் மறைப்பைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் உயர்த்திய தொகைக்கு, உயர்த்திய நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு. ஆகவே முதல் 3 லட்சத்துக்குப் பாதுகாப்பு உண்டு; மீதி 1.2 லட்சத்துக்கு 29 மாதம்தான் ஆகியிருக்கிறது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கடிதத்தில் மறுப்புக் கடிதத்தின் தேதியையும் கிளெய்ம் எண்ணையும் குறிப்பிட்டு, அவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்தெழுதுங்கள். அடுத்த வரியில் மோரடோரியம் பிரிவின் எண், முதல் பாலிசி தொடங்கிய நாள். எல்லா ஆண்டுப் புதுப்பித்தல் நகல்களையும் இணையுங்கள். 1.2 லட்சத்துக்குத் தனிப் பத்தி: மறைத்ததற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பல வருடமாக பிபி' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அது தவறென்றால் சிகிச்சை தந்த மருத்துவரிடம் திருத்தச் சான்று வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் பெங்களூர் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.