ஒரே வயரில் இரண்டு DS18B20: தப்பான அளவு ஏன் வருகிறது?

கேள்வி: ஒரு DS18B20 மட்டும் மாட்டினால் வெப்பநிலை சரியாக வருகிறது. அதே லைனில் இன்னொன்றைச் சேர்த்ததும் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு எண் வருகிறது. முகவரி எதுவும் கொடுக்கவில்லை, 0xCC அனுப்பித்தான் படிக்கிறேன். எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: கோளாறு அந்த 0xCC-யில்தான். "லைனில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்" என்பது அதன் பொருள். அதன் பின்னால் படிக்கும் கட்டளையை (0xBE) அனுப்பினால் இரண்டு சென்சாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும்.

சொன்னால் என்ன ஆகும்? இந்த லைனை மேலே இழுத்து வைத்திருப்பது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் மட்டும்தான். சென்சாரால் லைனைத் தரைக்கு இழுக்க முடியும், அல்லது சும்மா விட முடியும். மேலே தள்ள முடியாது. ஆகவே ஒருவர் 0 சொன்னால் போதும், மற்றவர் 1 சொன்னாலும் லைனில் 0 தான் தெரியும். உதாரணமாக ஒரு சென்சார் 25.0625 டிகிரியில் இருக்கிறது, அதன் மதிப்பு 0x0191. இன்னொன்று 26.125 டிகிரி, அதாவது 0x01A2. இரண்டும் சேர்ந்து பேசினால்:

```
0x0191 & 0x01A2 = 0x0180
0x0180 / 16 = 24.0
```

இரண்டையும் விடக் குறைவான, ஆனால் நம்பும்படியான ஓர் எண். இதுதான் ஆபத்து. ஒன்பதாவது பைட்டில் வரும் சிஆர்சி-யைச் சரிபார்த்திருந்தால், அநேகமாக அங்கேயே மாட்டியிருக்கும்.

ஒவ்வொரு பிட்டும் ஒரு தனி நேரத் துண்டில் போகிறது. துண்டை ஆரம்பிப்பது எப்போதும் கன்ட்ரோலர்தான், லைனைக் கீழே இழுத்து. எழுதும்போது 15 மைக்ரோ செகண்டுக்குள் விட்டால் 1. குறைந்தது 60 மைக்ரோ செகண்ட் பிடித்து வைத்தால் 0. படிக்கும்போது ஒரு மைக்ரோ செகண்டுக்குச் சற்று மேல் இழுத்து விட்டுவிட்டு, துண்டு தொடங்கி 15 மைக்ரோ செகண்ட் ஆவதற்குள் லைனைப் பார்க்க வேண்டும். சென்சார் 0 சொல்ல நினைத்தால் அதுவரை கீழே பிடித்துக்கொண்டிருக்கும். தனியாக கிளாக் வயர் இல்லாததால், அந்த இறங்கு முனைதான் எல்லோருக்கும் கடிகாரம்.

சரி, பிரிப்பது எப்படி? ஒவ்வொரு சென்சாருக்கும் 64 பிட் முகவரி உண்டு. முதல் பைட் 0x28 (இந்த வகைக்குப் பொது), அப்புறம் 48 பிட் வரிசை எண், கடைசியில் சிஆர்சி. அதைக் கண்டுபிடிக்க 0xF0 என்ற தேடல் கட்டளை இருக்கிறது. அது மேலே சொன்ன அதே மோதலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. எல்லா சென்சாரும் தங்கள் முதல் பிட்டைச் சொல்லும், அடுத்த துண்டில் அதன் தலைகீழைச் சொல்லும். 0, 1 என்று வந்தால் எல்லோருக்கும் அந்த பிட் 0. 1, 0 என்றால் எல்லோருக்கும் 1. 0, 0 என்று வந்தால் ஆட்கள் இரண்டு கட்சி. அப்போது கன்ட்ரோலர் ஒரு பிட்டை எழுதி ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கும். மற்றவை அடுத்த ரீசெட் வரை ஒதுங்கிவிடும். உங்கள் இரண்டு சென்சாருக்கும் முதல் 8 பிட் ஒன்றேதான், ஆகவே வரிசை எண்ணில்தான் முதல் பிளவு வரும். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபக்கம் திரும்பினால் இரண்டாவது முகவரி கிடைக்கும். இதை நீங்களே எழுத வேண்டாம், OneWire நூலகத்தின் search() செய்துவிடும்.

முகவரி கிடைத்ததும், 0xCC-யை அளக்கச் சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பதில் சொல்லாத இடத்தில் அது நல்ல வசதி, எல்லா சென்சாரும் ஒன்றாக அளந்துவிடும்:

```c
ds.reset(); ds.skip(); ds.write(0x44);
delay(750);
ds.reset(); ds.select(addrA); ds.write(0xBE);
for (int i = 0; i < 9; i++) d[i] = ds.read();
bool ok = OneWire::crc8(d, 8) == d[8];
```

இரண்டாவதற்கு கடைசி மூன்று வரியை addrB வைத்து, ok-க்கு முன்னால் bool இல்லாமல் திரும்ப எழுதுங்கள். 750 மில்லி செகண்ட் என்பது 12 பிட் துல்லியத்துக்கு. அளந்து முடியாமல் படித்தால் பழைய மதிப்பு வரும். மின்சாரம் வந்ததும் அது 85 டிகிரி. சென்சாருக்குத் தனி மின் வயர் இல்லாமல் லைனிலிருந்தே எடுக்கிறீர்கள் என்றால், எல்லாவற்றையும் ஒன்றாக அளக்கச் சொல்வதற்கு 4.7 கிலோ ஓம் போதாது. மூன்று வயராகவே போட்டுவிடுங்கள்.

ஒன்பது பைட்டும் 0 என்று வந்தால் சிஆர்சி-யும் 0 தான், சோதனை தேறிவிடும்! ஐந்தாவது பைட்டையும் பாருங்கள்: 12 பிட்டில் அது 0x7F, ஒருபோதும் 0 ஆகாது.

முகவரி கொடுத்தும் சிஆர்சி தோற்றால், முகவரியையே திரும்பப் படித்து, ஏற்கெனவே தெரிந்த முகவரியோடு ஒப்பிடுங்கள். 0x33 கட்டளையில், ஒரே ஒரு சென்சார் மாட்டி, முகவரியைப் பல முறை படித்துப் பார்க்கலாம். 1 வரவேண்டிய இடத்தில் 0 வந்தால் லைன் மெதுவாக மேலேறுகிறது, கேபிள் நீளம் என்று சந்தேகப்படுங்கள், ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓம் ஆக்கிப் பாருங்கள். 0 வரவேண்டிய இடத்தில் 1 வந்தால் கன்ட்ரோலர் தாமதமாகப் பார்க்கிறது. பெரும்பாலும் நடுவில் ஓர் இன்டரப்ட் புகுந்திருக்கும், பிட் படிக்கும் அந்தச் சில மைக்ரோ செகண்ட் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.