பாஸ்போர்ட் படிவத்தில் ரெஃபரன்ஸுக்கு யாரைப் போடுவது?

“சென்னையில் வாடகை வீடு, சொந்தபந்தமெல்லாம் மதுரையில். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ், அவசரத் தொடர்பு இரண்டுக்கும் மாமாவையே போடலாமா?”

ரெஃபரன்ஸுக்கு மாமா வேண்டாங்க. காவல்துறை சரிபார்ப்பில், நீங்கள் கொடுத்த முகவரியில் உண்மையில் குடியிருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். அதைச் சொல்ல அதே பகுதியில் இருப்பவர்தான் வேண்டும். வீட்டு உரிமையாளர், பக்கத்து வீட்டுக்காரர் என இருவரைப் போடுங்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

எழுதும் முன் இருவரிடமும் கேட்டுவிடுங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடி வாங்குங்கள். தெருவில் எல்லாரும் ‘பாபு அண்ணன்’ என்பார்கள், ஆதாரில் வேறு பெயர் இருக்கும். காவலர் படிவத்துப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கதவு எண், தெரு, பின்கோடு முழுதாக வேண்டும். கைபேசி எண்ணை 0 சேர்க்காமல் 10 இலக்கமாகக் கொடுங்கள். உங்கள் முழுப்பெயரையும் எப்போது குடிவந்தீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். “அப்படி யாரும் இங்கே இல்லையே” என்று ஒருவர் சொன்னாலே அறிக்கை பாதகமாகப் போகக்கூடும்.

அவசரத் தொடர்புக்கு மாமா பொருத்தமானவர்; ஊர் தடையில்லை. ஆனால் உங்களோடு சேர்ந்து வெளிநாடு வருபவராக இருந்தால் வேறொருவரைப் போடுங்கள்.