பெருக்கிப் பார்க்கும் முன் எந்த விடைகளை வெட்டலாம்? கேள்வி பதில்

ஹட்டன், உயர்தர மாணவி: சேர், போட்டிப் பரீட்சைத் தாளில் 487 × 36 போன்ற கணக்குகளை முழுதாகப் பெருக்க நேரம் போதவில்லை. கடைசி இலக்கத்தைப் பாருங்கள் என்கிறார்கள். ஆனால் ஐந்து தெரிவுகளில் நான்கு 2 இலேயே முடிகின்றன. பிறகு என்ன செய்வது?

பதில்: வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் கடைசி இலக்க முறை தெரியும். ஆகையால் அவர்கள் பெரும்பாலான தவறான விடைகளையும் சரியான இலக்கத்திலேயே முடிய விடுகிறார்கள். கடைசி இலக்கத்தை முதல் வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த வடிகட்டியைக் கேள்வியிலுள்ள எண்களிலிருந்தே எடுக்க வேண்டும்.

தெரிவுகள் 17352, 17523, 17532, 17432, 18532 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 ஐ 6 ஆல் பெருக்கினால் 42 வருவதால் விடை 2 இல் முடிய வேண்டும்; 17523 உடனே போய்விடுகிறது. அடுத்து, பெருக்கப்படும் எண்களில் ஒன்று 36 என்பதைக் கவனியுங்கள். 36 ஆனது 9 இன் மடங்கு என்பதால், விடையும் 9 ஆல் மீதியின்றி வகுபட்டே ஆக வேண்டும். 17432 இன் இலக்கங்களைக் கூட்டினால் 17, 18532 இன் இலக்கங்களைக் கூட்டினால் 19. இரண்டும் 9 இன் மடங்குகள் அல்ல, ஆகவே இரண்டையும் வெட்டலாம். மீதமுள்ளவை 17352 உம் 17532 உம். இரண்டிலும் இருப்பவை அதே ஐந்து இலக்கங்கள். 3 உம் 5 உம் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. இலக்கங்களைக் கூட்டும் எந்த முறையாலும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது.

இந்த இடத்தில் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். அவற்றைத் தீர்மானிப்பவை 87 உம் 36 உம் மட்டுமே. 487 இலுள்ள 400 ஐ எதனால் பெருக்கினாலும் அது நூறுகளிலேயே போய் நிற்கும். 87 என்பது 100 ஐ விட 13 குறைவு. 13 × 36 = 468. அதன் கடைசி இரண்டு இலக்கங்களான 68 ஐ 100 இலிருந்து கழித்தால் 32. எனவே விடை 17532. கேட்டவுடன் இது நீளமாகத் தோன்றலாம். ஆனால் தாளில் ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டிய தேவை இல்லை.

பண்டாரவளை, மாணவர்: அப்படியென்றால் ஓரிலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டிப் பெறும் இலக்கச் சுட்டி பொருந்தினால் அதுவே சரியான விடை என்று எடுத்துக்கொள்ளலாம்தானே? நான் அப்படித்தான் செய்கிறேன். பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

பதில்: பாதி சரி. பொருந்தாத விடை நிச்சயமாகத் தவறு. ஆனால் பொருந்தும் விடை சரியாக இருக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. எழுந்தமானமாக எழுதப்பட்ட தவறான எண்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றுதான் இந்தச் சோதனையில் தப்பும். பெரும்பாலும் சரியாக வருவதற்குக் காரணம் அதுவே. ஆனால் பரீட்சைத் தெரிவுகள் எழுந்தமானமானவை அல்ல. பெரும்பாலும் அவை மாணவர்கள் வழக்கமாக விடும் பிழைகளிலிருந்து ஆக்கப்படுகின்றன. அந்தப் பிழைகளில் முக்கியமான ஒரு வகை, 9 சோதனையின் கண்ணுக்குத் தெரியாத வகை.

487 × 36 ஐ நீளமாகப் பெருக்கும்போது இரண்டாவது வரியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளி எழுத மறந்துவிட்டால், 2922 உம் 1461 உம் நேருக்கு நேர் கூட்டப்பட்டு 4383 வரும். அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 18; சோதனையில் அது தேறிவிடுகிறது. இலக்கங்கள் இடம் மாறுவது, ஒரு பூச்சியம் விடுபடுவது, வரி தள்ளப்படாமல் போவது ஆகிய மூன்றும் இடம் சம்பந்தப்பட்ட பிழைகள். ஓர் இலக்கம் எந்த இடத்தில் நின்றாலும் 9 ஆல் வகுத்தால் வரும் மீதி மாறாது என்பதால்தான் 9 சோதனை வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் இடப் பிழைகளை அதனால் பிடிக்க முடிவதில்லை.

பக்கத்திலுள்ள இரண்டு இலக்கங்கள் மாறியிருந்தால் 11 சோதனை பிடித்துவிடும். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, இலக்கங்களை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் செல்லுங்கள். 487 க்கு 7 − 8 + 4 = 3; 36 க்கு 6 − 3 = 3; 3 × 3 = 9, ஆகவே விடைக்கும் 9 வர வேண்டும். 17532 க்கு 2 − 3 + 5 − 7 + 1 = −2, அதனுடன் 11 ஐக் கூட்டினால் 9; பொருந்துகிறது. 17352 க்கு −6, அதாவது 5, பொருந்தவில்லை. ஓர் இலக்கத்தைத் தாண்டி அடுத்ததுடன் இடம் மாறிய 13572 போன்ற எண் 9, 11 ஆகிய இரண்டு சோதனைகளிலும் தப்பிவிடும். ஆனால் 500 × 36 = 18000 என்பதை நினைத்துப் பார்த்தாலே, 13000 சொச்சம் விடையாக இருக்க முடியாது என்பது தெரிந்துவிடும்.

பதுளை, கணித ஆசிரியர்: இருபது வருடங்களாகப் படிப்பிக்கிறேன். என் அனுபவத்தில் முதலில் பார்க்க வேண்டியது விடையின் பருமனைத்தான். கடைசி இலக்கத்தில் தொடங்கும் பிள்ளைகள் எண்ணின் அளவைப் பற்றிய உணர்வையே இழந்துவிடுகிறார்கள். மன்னிக்கவும், உங்கள் வரிசையை நான் ஏற்கவில்லை.

பதில்: தெரிவுகள் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கும் கேள்விகளில் நீங்கள் சொல்வதே சரி; 1753, 17532, 175320 என்று இருந்தால் கடைசி இலக்கத்தைத் தேடுவது வீண் வேலை. ஆனால் மேலே உள்ளதைப் போல எல்லாம் பதினேழாயிரத்தைச் சுற்றியே நிற்கும்போது, 18532 ஐத் தவிர வேறெதையும் பருமன் பிரித்துத் தருவதில்லை. ஆகவே வரிசையைத் தெரிவுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். சிறு பிள்ளைகளுக்கு எதை முதலில் பழக்குவது என்ற உங்கள் கேள்வி வேறு. அதில் வகுப்பறையில் நிற்கும் உங்களை மறுத்துப் பேச என்னிடம் வலுவான காரணம் இல்லை.

தலவாக்கலை, தோட்ட அலுவலக ஊழியர்: எனக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை ஐயா. செக்ரோல் பதிவேட்டில் கொழுந்து எடையைக் கூட்டிச் சரிபார்க்க இந்த ஒன்பது முறை உதவுமா?

பதில்: உதவும், ஒரு வரையறைக்குள். 18, 23, 47, 31 கிலோ என்பவற்றின் கூட்டுத்தொகை 119. ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் கூட்டி, 9 வரும்போதெல்லாம் தள்ளிவிட்டால் 0, 5, 2, 4 கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகை 11, அதாவது 2. 119 இன் இலக்கங்களும் 11 தருகின்றன, அதாவது 2. கூட்டலில் ஒன்றை விட்டிருந்தால் இது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் 47 ஐ 74 என்று எழுதிவிட்டால் மொத்தம் 146 ஆகும். அதன் இலக்கங்களும் 11 ஐயே தருகின்றன. பிழை இருப்பதைச் சோதனை சொல்லாது. அதே குறையை நீங்கள் உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். தராசில் வந்த மொத்தத்துக்கும் செக்ரோல் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால், இங்கே 27 போல, முதலில் இலக்கம் இடம் மாறிய பதிவைத் தேடுங்கள். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9 இன் மடங்காகவே இருக்கும். மேலும், 27 ஐ 9 ஆல் வகுத்தால் 3 வருகிறது. ஈரிலக்கப் பதிவானால், இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் 3 ஆகவே இருக்கும். இதனால் பட்டியல் முழுவதையும் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

நுவரெலியா, மாணவர்: 2.4 × 3.75 க்கு நான்கும் ஐந்தும் இருபது, ஆகவே 0 இல் முடிய வேண்டும் என்று எடுத்தேன். 0.9, 9, 8.5, 9.4 என்ற தெரிவுகளில் ஒன்றும் 0 இல் முடியவில்லை. கேள்வியே பிழையா?

பதில்: கேள்வி சரியாகவே உள்ளது. 24 × 375 = 9000; தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இடங்கள் வர வேண்டும் என்பதால் விடை 9.000. கடைசியில் நிற்கும் பூச்சியங்களைத் தெரிவுகளில் எழுதமாட்டார்கள், ஆகவே நீங்கள் எதிர்பார்த்த 0 மறைந்துவிட்டது. தசமக் கணக்கில் கடைசி இலக்கப் பெருக்கம் 0 ஆக வந்தால் அந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். இங்கே 2 × 4 = 8 ஐ ஒட்டி நிற்கும் பருமனும், 24 ஆனது 3 இன் மடங்கு என்பதும் போதும்: 0.9 மிகச் சிறியது. 85 உம் 94 உம் 3 ஆல் வகுபடாதவை.

ஹட்டன், மாணவி (மீண்டும்): வகுத்தலுக்கும் இது செல்லுமா சேர்? 15246 ÷ 42 என்று ஒரு கணக்கு இருக்கிறது. தெரிவுகள் 353, 361, 363, 368, 373.

பதில்: மீதியின்றி வகுபடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செல்லும். விடையை 42 ஆல் பெருக்கினால் 6 இல் முடிய வேண்டும். 2 ஆல் பெருக்கி 6 இல் முடிவிக்கும் இலக்கங்கள் 3, 8 ஆகிய இரண்டு. வகுக்கும் எண் இரட்டை எண்ணாக இருக்கும்போது இப்படி இரண்டு வழிகள் திறப்பதால், 361 ஐ மட்டுமே வெட்ட முடிகிறது. 8 இல் முடியும் 368 ஐ அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

அடுத்து, 15246 இன் இலக்கங்கள் 18 ஐத் தருவதால் அது 9 ஆல் வகுபடும். 42 இலோ ஒரேயொரு 3 தான் காரணியாக இருக்கிறது. எஞ்சிய 3 விடைக்குள் இருந்தாக வேண்டும். 353 இன் இலக்கங்கள் 11, 368 இன் இலக்கங்கள் 17, 373 இன் இலக்கங்கள் 13. மூன்றும் விழுந்துவிட, 363 தனியாக நிற்கிறது.

வெலிமடை, தாய்: என் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிறான். இந்த முறையைப் பழக்கினால் வாய்ப்பாடு மனனம் செய்யத் தேவையில்லையா?

பதில்: தேவை, அம்மா. கடைசி இலக்கத்தைத் தருவதே வாய்ப்பாடுதான். இப்போதைக்கு ஒற்றை, இரட்டை, 5 இன் மடங்கு ஆகியவற்றைப் பார்த்து வெட்டப் பழகினால் அவனுக்குப் போதும்.

பண்டாரவளை, மாணவர் (மீண்டும்): 4 ஆலும் 6 ஆலும் வகுபட்டால் 24 ஆல் வகுபடும் என்று எடுத்து ஒரு தெரிவை வெட்டினேன். தவறாகிவிட்டது.

பதில்: 36 ஐ எடுத்துப் பாருங்கள், 4 ஆலும் 6 ஆலும் வகுபடும், 24 ஆல் வகுபடாது. 4 க்கும் 6 க்கும் 2 பொதுக் காரணி என்பதால், 12 வரைக்கும்தான் உறுதி சொல்லலாம். 24 க்கு 3 ஐயும் 8 ஐயும் சோதியுங்கள். 8 க்குக் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தால் போதும்.