மிரிசவும் உப்புவெளியும் ஒரே கூடைதான்

"உப்புவெளியில் 5 அறை விடுதி நடத்துகிறேன். எங்களுக்குச் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. தென்கரையில் உள்ள மிரிசவில் டிசம்பர் முதல் ஏப்ரல். அங்கே ஒரு விடுதியைச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தால் ஆபத்து பாதியாகும் என்கிறார் மச்சான். மனைவியின் நகையை 16% வட்டிக்கு ஈடு வைக்க வேண்டும். போன முறை மச்சானுடைய படகுக்காக வைத்த காப்பே இன்னும் மீளவில்லை. இரண்டு இடத்துக் கணக்கையும் அனுப்பியிருக்கிறேன்."
– திருகோணமலை வாசகர்

கணக்கைப் பார்த்தேன். கொவிட் வருடங்களை விட்டுவிட்டீர்கள், போகட்டும். 2018, 2019, 2022, 2023 ஆகிய நான்கு வருடங்களில் உங்கள் விடுதி போட்ட பணத்துக்குத் தந்தது 30, 10, -20, 20 சதவீதம். மிரிச 40, 10, -30, 20. இரண்டுக்கும் சராசரி 10.

வருட வருமானம் அந்த 10இலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதன் அளவுதான் நியம விலகல். உங்கள் விடுதிக்குத் தள்ளல்கள் 20, 0, -30, 10. வர்க்கித்துக் கூட்டினால் 1400, நான்கால் வகுத்தால் 350, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 19. மிரிசவுக்கு இதே வழியில் 25 சொச்சம்.

பணத்தைச் சரிபாதியாகப் போட்டால்? இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஏறி இறங்கினால் மொத்த விலகல் 16 ஆகக் குறையும். ஆனால் உங்கள் இரு வரிசைகளும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே விழுகின்றன. இப்படிச் சேர்ந்து நகர்வதை அளக்கும் இணைபு, அதன் உச்சமான 1ஐக் கிட்டத்தட்டத் தொடுகிறது. அதனால் கிடைப்பது 22. தனி விடுதியின் 19ஐ விடக் கூட! நான்கு வருடம் குறைவான தரவுதான், ஆனாலும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது.

மச்சான் பார்ப்பது மாதக் கணக்கு. எந்தக் கரையில் எந்த மாதம் ஆள் வரும் என்பதைப் பருவக்காற்று தீர்மானிக்கிறது, அதில் இரண்டும் எதிரெதிர்தான். வருடம் முழுக்க ஆளே வருமா என்பது வேறு விஷயம். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும் 2022 எரிபொருள் வரிசையும் கிழக்கு, தெற்கு என்று பார்க்கவில்லை. மாரி மாதங்களின் கைச்செலவுதான் கவலையென்றால், சீசன் பணத்தில் ஒரு பங்கை நவம்பரில் முதிரும்படி குறுகிய கால வைப்பில் போடுங்கள். அதற்கு ஒரு விடுதி தேவையில்லை.

நகைக்கு வருவோம். 10 சதவீதம் தரும் தொழிலுக்கு 16 சதவீதக் கடன். 10 இலட்சத்துக்கு வருடம் 60,000 ரூபாய் கையைக் கடிக்கும், அதுவும் சராசரி வருடத்தில். அதைவிட மோசமானது ஒன்று. 2022இல் ரூபாய் சரிந்து விடுதி காலியாகக் கிடந்தபோது, உங்கள் வீட்டில் மதிப்பு ஏறிய ஒரே பொருள் அந்தத் தங்கம்தான். சுற்றுலாவோடு சேர்ந்து விழாத ஒன்றை ஈடு வைத்துச் சுற்றுலாவையே வாங்குகிறீர்கள். வட்டி கட்ட முடியாமல் அது ஏலத்துக்குப் போவதும் அப்படியொரு வருடத்தில்தான்.

மச்சான் அடுத்து பிட்கொயின் என்பார். 2022இல் அதுவும் பாதிக்கு மேல் விழுந்தது.

சரி, செய்ய வேண்டியது: இந்தச் சீசன் வருமானத்தில் முதலில் காப்பை மீட்டுவிடுங்கள். மிரிச வேண்டுமென்றால் மச்சான் தன் காசில் எடுக்கட்டும்.