இருட்டில் சட்டை தெரிய வேண்டும், வெயிலில் வேட்டி மடிப்பு தெரிய வேண்டும்: டிவி படம் பற்றிய கேள்வி-பதில்

இரவுக் காட்சிகளில் நடிகரின் கறுப்புச் சட்டையும் பின்னால் உள்ள சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. பிரைட்னஸைக் கூட்டினால் படம் முழுக்கப் புகை படிந்ததுபோல் ஆகிறது. எந்த எண்ணில் வைக்கலாம்? (மதுரை வாசகர்)

எண்ணை நான் சொன்னால் தவறாகத்தான் போகும். ஒரே மாடலில் இரண்டு டிவிகளை அருகருகே வைத்தாலும் அளவு மாறும். உங்கள் டிவிக்கு உரிய எண்ணை நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

முதலில் எந்தக் கட்டுப்பாட்டைத் திருகுகிறீர்கள் என்று பாருங்கள். பல டிவிகளில் Brightness என்பது கறுப்பின் அளவை மாற்றும். அண்மைக்கால சோனி டிவிகளில் அதே பெயர் பின்னொளிக்கு, அதாவது மற்ற டிவிகளில் Backlight எனப்படும் திரை வெளிச்சத்துக்கு. கறுப்புக்கு Black level என்று தனியாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பிரகாசமான ஒரு காட்சியை நிறுத்திவைத்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள் வெளுப்பதும் கறுப்பதுமாக மாறி, காட்சியின் வெள்ளை பெரிதாக மாறாமல் இருந்தால் அது கறுப்பின் அளவு. வெள்ளை பளிச்சென்று ஏறி இறங்கினால் அது பின்னொளி.

இப்போது சோதனைப் படம். AVS HD 709 என்ற தொகுப்பு இலவசம். அதன் MP4 கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு டிவியிலேயே ஓட்டலாம். அதில் Black Clipping என்ற படத்தில் எண்ணிட்ட செங்குத்துப் பட்டைகள் மினுக்கிக்கொண்டிருக்கும். பட்டையின் எண் அதன் வெளிச்ச அளவு, 0 முதல் 255 வரை எண்ணப்படுவது. வீடியோவில் கறுப்பு 0 அல்ல, 16. வெள்ளை 235. அதனால் 16-ம் அதற்குக் கீழ் உள்ளவையும் தெரியக்கூடாது, 17 முதல் தெரிய வேண்டும். இதுதான் விதி.

தொடங்கும் முன் படத்தின் மோடை Movie அல்லது Cinema-வுக்கு மாற்றுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார், லோக்கல் டிம்மிங் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இவை இயங்கினால் பட்டைகளைப் பார்த்து டிவி தானாக வெளிச்சத்தை மாற்றும், நீங்கள் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். டிவி அரை மணி நேரம் ஓடியிருக்கட்டும். வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள்.

போன மாதம் உறவினர் வீட்டில் 43 அங்குல எல்இடி டிவி ஒன்றைச் சரிசெய்தேன். பிரைட்னஸ் 50-ல் இருந்தது, கண்ணுக்குத் தெரிந்த முதல் பட்டை 21. அதாவது 17 முதல் 20 வரை இருந்த விவரமெல்லாம் கறுப்பில் மூழ்கிக் கிடந்தது. சட்டை மடிப்பு இருப்பது அங்கேதான். 51-ல் 20-ம், 52-ல் 18-ம், 53-ல் 17-ம் மங்கலாகத் தெரிந்தன. 54-ல் 16-க்குக் கீழ் உள்ளவையும் மினுக்கின, பின்னணியும் சாம்பலானது. நீங்கள் சொல்லும் புகை இதுதான். 53-க்குத் திரும்பினேன். அவ்வளவு சிறிய மாற்றம்தான் தேவைப்பட்டது. 17-ஐப் பார்ப்பது எல்லா அறையிலும் எளிதல்ல. 18 தெளிவாகத் தெரிந்தால் போதும் என்பேன்.

டெஸ்ட் மேட்ச் பார்க்கும்போது வீரர்களின் வெள்ளைச் சட்டை வெறும் வெள்ளைத் தகடாகத் தெரிகிறது. கான்ட்ராஸ்ட் 100-ல் வைத்திருக்கிறேன். குறைத்தால் படம் மங்குமே? (சேலம் வாசகர்)

மங்கும் என்ற அச்சம் வேண்டாம். அறைக்குத் தேவையான வெளிச்சத்தைக் கொடுப்பது பின்னொளி. வெள்ளை எந்த இடத்தில் முடிகிறது என்பதை மட்டுமே கான்ட்ராஸ்ட் தீர்மானிக்கிறது.

அதே தொகுப்பில் White Clipping படத்தை ஓட்டுங்கள். 230-லிருந்து மேல் பட்டைகள் மினுக்கும். 234 வரை தனித்தனியாகத் தெரிய வேண்டும். 235-க்கு மேலும் சில தெரிந்தால் நல்லது, ஒளிபரப்பில் அங்கேயும் கொஞ்சம் விவரம் வருவதுண்டு. அதற்காகக் கான்ட்ராஸ்டை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன டிவியில் 100-ல் 230-கூடத் தெரியவில்லை. 88-க்கு வந்ததும் 234 தெரிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டைகளின் வெள்ளையில் இளஞ்சிவப்போ நீலமோ கலந்து தெரிந்தால், மூன்று நிறங்களில் ஒன்று மற்றவற்றுக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டது. நிறம் மறையும்வரை கான்ட்ராஸ்டை இன்னும் இரண்டு மூன்று படி குறையுங்கள்.

முடிந்ததும் Black Clipping-க்குத் திரும்பி ஒரு முறை பாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று சற்று நகர்கிறது. அந்த 53 கடைசியில் 52 ஆனது. படம் மங்கலாகப் பட்டால் அதன் பிறகு பின்னொளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் எல்லாம் சரியாக வந்தது. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைத்து அதே கோப்பை ஓட்டினால் கறுப்புப் பட்டைகள் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளைப் பட்டைகளும் இல்லை. (கோவை வாசகர்)

நல்ல வேளையாக இரண்டையும் சொன்னீர்கள். இரு முனையும் சேர்ந்து மறைந்தால் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் தொடாதீர்கள். லேப்டாப் 0 முதல் 255 வரை விரித்து அனுப்புகிறது. டிவியோ 16 முதல் 235 வரை வரும் என்று எதிர்பார்க்கிறது. கணக்கு இது:

```
அனுப்புவது = (வீடியோ − 16) × 255 / 219
```

வீடியோவின் 29 இதில் சுமார் 15 ஆகிறது. டிவிக்கு அது கறுப்புக்கும் கீழே. மறுமுனையில் 218 சுமார் 235 ஆகி வெள்ளையாகிவிடுகிறது. ஆகவே 29 வரை எல்லாம் கறுப்பு, 218 முதல் எல்லாம் வெள்ளை. கறுப்புச் சோதனைப் படத்தில் இருக்கும் பட்டைகள் 25-டனே முடிந்துவிடுவதால் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டில் ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். என்விடியா என்றால் NVIDIA Control Panel-ல் Output dynamic range-ஐ Limited ஆக்குங்கள். அல்லது டிவியின் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டில் HDMI Black Level, HDMI video range போன்ற பெயரில் உள்ளதை முழு வீச்சுக்கு மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் பிழை எதிர்ப்பக்கம் போய்விடும்: கறுப்பு சாம்பலாகி, வெள்ளை மங்கி, படம் தூசி படிந்ததுபோல் வெளிறும்.

எச்டிஎம்ஐ உள்ளீடுகள் பல டிவிகளில் தனித்தனி அளவுகளை வைத்துக்கொள்பவை. பென் டிரைவில் கண்ட எண்கள் செட்டாப் பாக்ஸுக்குத் தொடக்கப்புள்ளி மட்டுமே.

எச்டிஆர் படங்களுக்கும் இதே எண்களா? (சென்னை வாசகர்)

இல்லை. எச்டிஆர் வந்ததும் டிவி வேறு மோடுக்குப் போய்விடும், இந்தப் பட்டைகளும் அங்கே பொருந்தாது. அதிக வெளிச்சத்தைத் தன் திறனுக்குள் அடக்கும் வேலையை டிவியே செய்கிறது. கான்ட்ராஸ்டை டிவி நிறுவனம் வைத்த இடத்திலேயே விடுங்கள்.

பட்டைகள் சரியாக இருந்தும் ஓடிடியில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. (தஞ்சாவூர் வாசகர்)

அது உங்கள் டிவியின் அளவில் உள்ள பிழை அல்ல. கோப்பைச் சுருக்கும்போது இருட்டுப் பகுதியின் நுண்ணிய வேறுபாடுகள் முதலில் தூக்கி எறியப்படுகின்றன. போன விவரத்தைப் பிரைட்னஸ் திருப்பித் தராது. கட்டங்களை மறைக்க பிரைட்னஸைக் குறைத்தால் சட்டை மடிப்பு மறுபடி போய்விடும். செயலியில் வீடியோ தரத்தை உயர்த்திப் பாருங்கள். அதே காட்சி வேறொரு வழியில், உதாரணமாக டிஸ்க்கில், கட்டமில்லாமல் வந்தால் உங்கள் அளவுகள் சரி என்று உறுதியாகிவிடும்.