கடைக்காரர் சொல்லாமல் வைத்திருப்பது

அன்புள்ள ஐயா, கொட்டாஞ்சேனையில் ஒரு விநியோகஸ்தரிடம் விற்பனை மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிதாக ஆறு விற்பனை ரெப்மார் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவரைக் கடைக்காரராகவும் இன்னொருவரை ரெப்பாகவும் வைத்து நடித்துப் பழக விடுகிறேன். முடிந்ததும் ‘நன்றாகப் பேசினாய், இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்’ என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வருவதில்லை. அவர்களும் மாறவில்லை. எப்படிச் செய்வது?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குச் சொல்ல வராததற்குக் காரணம் காட்சி மிகப் பெரிதாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். வணக்கத்தில் தொடங்கி பில் போடும்வரை பத்து நிமிடம் நடித்தால், அதில் முப்பது விஷயம் நடந்துவிடும். பார்ப்பவர் மனதில் கடைசியில் ஒரு பொதுவான அபிப்பிராயம்தான் தங்கும். ஆகவே காட்சியை மூன்று நிமிடமாக வெட்டுங்கள். ஒரே ஒரு திறமையை மட்டும் பாருங்கள்.

உதாரணமாக, கடைக்காரர் வேண்டாம் என்றதும் ரெப் காரணம் கேட்கிறாரா என்பதை எடுத்துக்கொள்வோம். கடைக்காரராக நடிப்பவருக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். வெள்ளவத்தையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை. முதல் வரி: ‘வேண்டாம் தம்பி, கிடக்கிற பிஸ்கட்டே போகுதில்லை.’ மனதுக்குள் இருப்பது வேறு. போன மாதம் திருப்பிக் கொடுத்த உடைந்த பிஸ்கட் பக்கெட்டுகளுக்கு இன்னும் பில்லில் காசு கழிக்கவில்லை. எது போகவில்லை, ஏன் போகவில்லை என்று ரெப் கேட்டால் மட்டுமே அதை வெளியே விட வேண்டும். கேட்காமல் சலுகை ஸ்கீம் பேசினால், ‘சரி, அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று முடித்துவிட வேண்டும். இவ்வளவும் அட்டையிலேயே இருக்கட்டும்.

ரெப்பின் அட்டையில் போன ஓர்டர் விவரமும், ‘பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம்’ என்ற ஸ்கீமும் இருக்கும். அந்த ஸ்கீம் வேண்டுமென்றே வைப்பது. புதியவர்கள் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஓடிப்போய்ப் பிடிப்பது அதைத்தான்.

மூன்றாமவர் பார்ப்பவர். அவர் கருத்து எதுவும் எழுதக்கூடாது. கடைக்காரர் சொன்னதை இடப்பக்கமும், அதற்கு அடுத்து ரெப் சொன்னதை வலப்பக்கமும் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். மூன்று நிமிடம் என்பதால் முக்கிய வரிகளை எழுதிவிடலாம்.

இப்போது ரெப் தடுமாறினார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவரிடமே கேளுங்கள்: ‘கடைக்காரர் எந்த இடத்தில் கதவை மூடினார்?’ அவருக்குத் தெரியாவிட்டால் பார்ப்பவர் தாளை வாசிக்கட்டும். ‘போகுதில்லை என்று அவர் சொன்னதும், நீ பத்துக்கு ஒன்று இலவசம் என்றாய். எது போகவில்லை என்று கேட்கவில்லை. அவர் அடுத்த கிழமை என்று சொல்லிவிட்டார்.’ இதில் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் அதே வரியிலிருந்து உடனே மறுபடி நடிக்க வைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு முழுப் பயிற்சியிலும் இதுதான் முக்கியம். இரண்டாம் தரம் அவர், ‘எது முதலாளி போகுதில்லை? கிரீம் பிஸ்கட்டா, மாரியா?’ என்று கேட்பார். ‘போறது போகுது தம்பி. போன மாசம் தந்த உடைசலுக்கு இன்னும் கழிச்சுத் தரேல்லையே’ என்று பதில் வரும். இரகசியம் வெளியே வந்ததா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும், நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காசை வாங்கித் தருகிறேன் என்று அவர் அவசரமாக வாக்குக் கொடுக்கிறாரா என்பது அடுத்த காட்சிக்கு உரியது. இன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

நடிப்பு மூன்று நிமிடம், பேச்சு நாலு, மறுபடி மூன்று. ஆறு பேரையும் மும்மூன்று பேராகப் பிரித்தால் அரை மணியில் எல்லோரும் ரெப்பாக வந்துவிடலாம். இரண்டாவது ஆள் முறை வரும்போது இரகசியம் தெரிந்துவிடும் என்பதால் மூன்று அட்டை தயாராக வையுங்கள். ஒன்றில் பக்கத்துக் கடை விலை குறைத்து விற்கிறது, இன்னொன்றில் முதலாளி கையில் இன்று காசில்லை.

பழுதாவது பெரும்பாலும் கடைக்காரர் பாத்திரத்தில்தான். கூட்டாளி மீது இரக்கப்பட்டு, கேட்காமலே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். பழைய ரெப் ஒருவரை நடிக்க விட்டால், சரியாகக் கேட்டாலும் விடமாட்டார். எல்லோரும் வென்றாலோ எல்லோரும் தோற்றாலோ அட்டையின்படி நடக்கவில்லை என்று அர்த்தம். முதல் சுற்றில், அரை மணிக்குச் சற்றுக் கூடினாலும், ஒரு குழு முடிந்து மற்றது என்று இரண்டுக்கும் கடைக்காரராக நீங்களே நடித்துக் காட்டுங்கள்.

கொழும்பில் இன்னொன்றும் செய்ய வேண்டும். தமிழில் அழகாகக் காரணம் கேட்ட பிள்ளை, மருதானைக் கடையில் சிங்களத்தில் பேசும்போது நேரே ஸ்கீமுக்குத் தாவியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மொழியில் அவர் மனப்பாடமாக வைத்திருந்தது ஸ்கீம் வரி மட்டும்தான். அதனால் அதே அட்டையைச் சிங்களத்திலும் நடிக்க வையுங்கள். அடுத்த கிழமை ரூட்டில் கூடப் போகும்போது, அதே இரண்டு பக்கத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்ற சொல்லுக்கு அடுத்து அவர் சொல்லும் வரியை மட்டும் எழுதி வாருங்கள்.