நகைக்கடைச் சேமிப்புத் திட்டம்: போனஸில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டினால், 12-ஆம் மாதம் ஒரு தவணை போனஸ் என்கிறது நகைக்கடை. சேரலாமா?

பதில்: உங்கள் பணம் சராசரியாக ஏழு மாதமே கடையில் இருப்பதால், 55,000 ரூபாய்க்கு வரும் 5,000 ரூபாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 15.6 சதவீத வட்டிக்குச் சமம். வங்கித் தொடர் வைப்பைவிட இது மிக அதிகம். ஆனால் அது ரொக்கமாக வராது, அதே கடையின் நகையாகவே வரும் என்பதால், உண்மையான கணக்கு சேதாரத்தில்தான் இருக்கிறது. 50,000 ரூபாய்த் தங்கத்துக்கு வேறொரு கடை 8 சதவீதமும் இக்கடை 16 சதவீதமும் சேதாரம் போட்டால், போனஸில் 4,000 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே, சேருமுன் நீங்கள் வாங்க நினைக்கும் அதே வகை நகைக்கு இரண்டு கடைகளில் எழுத்துபூர்வ மதிப்பீடு வாங்கி ஒப்பிடுங்கள். தவணை தவறினாலோ இடையில் விலகினாலோ போனஸ் என்னவாகும், நகைக்குப் பதில் தங்க நாணயமாக வாங்க முடியுமா என்பவற்றையும் விதிகளில் படித்துப் பாருங்கள்.